7,200 ரூபாய்க்கு 1,260 ரூபாய் வரியா? படத்தில் வந்த டிவிடெண்ட் தாளைக் கணக்கில் ஏற்றுவது

கேள்வி: அப்பா குன்னூரில் இருக்கிறார், வயது 71. ஒரு தேயிலைக் கம்பெனியில் 1,200 பங்கு வைத்திருக்கிறார். டிவிடெண்ட் தாள் வந்ததும் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கோத்தகிரியில் இருந்து நான் அதை அவருடைய வருமானக் கணக்கில் ஏற்றுகிறேன். வங்கியில் விழுந்த தொகையைத்தான் இதுவரை வருமானம் என்று எழுதி வந்தேன். போன பிப்ரவரி தாளைப் போன் படித்துத் தந்தபோது 27,200, 1,260, 25,940 என்று வந்தது. படத்தைப் பெரிதாக்கினால் 7,200 மாதிரி தெரிகிறது. அப்படியென்றால் வரி 720 தானே? 1,260 எப்படி வரும்? தேயிலைக் கம்பெனி என்பதால் 60 சதவீதத்துக்கு வரி கிடையாது என்று அப்பா சொல்கிறார், அதுவும் சரியா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: 1,260 சரியாகத்தான் இருக்கிறது. போன் தப்பாகப் படித்தது மற்ற இரண்டையும்.

படத்தில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் ₹ குறியைப் பல போன்கள் 2 என்றோ 7 என்றோ படித்துவிடும். உங்கள் தாளில் மொத்தத் தொகைக்கும் நிகரத் தொகைக்கும் முன்னால் அந்தக் குறி அச்சாகியிருக்கும், வரிக் கட்டத்தில் வெறும் எண் மட்டும் இருந்திருக்கும். அதனால் 7,200 போய் 27,200 ஆனது, 5,940 போய் 25,940 ஆனது, 1,260 மட்டும் தப்பித்தது. இதில் ஒரு விஷமம் இருக்கிறது. 27,200இல் 1,260ஐக் கழித்துப் பாருங்கள், 25,940 வரும். கழித்தல் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் வருமானத்தில் 20,000 ரூபாய் கூடிவிட்டது. "மொத்தத்தில் வரியைக் கழித்தேன், நிகரம் சரியாக வந்தது" என்பதோடு நிறுத்தினால் இந்த மாதிரிப் பிழை அப்படியே கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே கழித்தலுக்கு முன்னால் பெருக்கிப் பாருங்கள். பங்கு எண்ணிக்கையும் ஒரு பங்குக்கு எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கும். 1,200 பங்கு, பங்குக்கு 6 ரூபாய் என்றால் 7,200. 27,200 வரவே வழியில்லை. சில தாள்களில் ரூபாய்க்குப் பதில் சதவீதம் போட்டிருப்பார்கள். அது பங்குக்குக் கம்பெனி குறித்துவைத்த மதிப்பான முகமதிப்பின் மேல் சதவீதம், சந்தை விலையின் மேல் இல்லை. முகமதிப்பு 2 ரூபாய், டிவிடெண்ட் 300 சதவீதம் என்றால் பங்குக்கு 6 ரூபாய். பங்கு எண்ணிக்கையும், டிவிடெண்ட் யார் யாருக்கு என்று கம்பெனி முடிவு செய்யும் ரெக்கார்டு தேதியன்று கையில் இருந்ததுதான். அதற்குப் பிறகு அப்பா விற்றிருந்தாலும் வாங்கியிருந்தாலும் இன்றைய டீமேட் இருப்பை வைத்துப் பெருக்காதீர்கள்.

மூன்றாவது சோதனை பாஸ்புக். 5,940 வரவாகியிருந்தால் பிடித்த வரி 1,260. வரி வெறும் 720 என்றால் 6,480 வந்திருக்க வேண்டும். பாஸ்புக்கில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும். பெருக்கல், கழித்தல், பாஸ்புக் மூன்றும் பொருந்தினால்தான் அந்தத் தாள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் மொத்தத் தொகையைக் காட்டிக்கொடுக்கும், பாஸ்புக் நிகரத் தொகையைக் காட்டிக்கொடுக்கும், இரண்டும் சரியானால் நடுவில் நிற்கும் வரி தப்பாக இருக்க முடியாது.

பத்து சதவீதம் வருகிறதா என்பதை மட்டும் சோதனையாக வைத்துக்கொள்ளாதீர்கள். 7,200க்கு 1,260 என்பது பதினேழரை சதவீதம். பார்த்தால் தவறு போலத்தான் இருக்கும், ஆனால் காரணம் முந்தைய தாளில் இருக்கிறது. இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு ஒரு கம்பெனி ஒரு நிதியாண்டில் கொடுக்கும் டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது 2025-26க்கான விதி. அதற்கு முந்தைய ஆண்டு வரை எல்லை 5,000 ரூபாயாக இருந்தது. எல்லை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி, ஆனால் அந்தக் கம்பெனி ஆண்டு முழுக்கக் கொடுத்த எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து.

செப்டம்பர் தாளை எடுத்துப் பாருங்கள். பங்குக்கு நாலரை ரூபாய் வந்திருந்தால் 1,200 பங்குக்கு 5,400. அப்போது 10,000 தாண்டவில்லை, வரி பிடிக்காமல் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் 7,200 சேர்ந்ததும் ஆண்டுக் கூட்டுத்தொகை 12,600 ஆகிவிட்டது. எல்லையைத் தாண்டிய பிறகு முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டும், எனவே 12,600க்குப் பத்து சதவீதமான 1,260ஐ இரண்டாவது தவணையிலேயே மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இதைச் சொல்லும் ஒரு குறிப்பு இருந்தாலும் இருக்கும். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்யும் என்றும் இல்லை. ஆண்டுக்குள் எப்படியும் எல்லை தாண்டும் என்று முதல் தவணையிலேயே பிடிக்கிறவர்களும் உண்டு. செப்டம்பர் தாள் வேறு எண்ணைக் காட்டினால் அதையே எடுத்துக்கொண்டு இதே கூட்டலைச் செய்யுங்கள்.

பிடித்தது 20 சதவீதமாக இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கம்பெனிக்காகப் பங்குதாரர் விவரங்களைப் பராமரிக்கும் ரெஜிஸ்ட்ராரிடம் அப்பாவின் பான் எண் இல்லை, அல்லது பான் செயலிழந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

அடுத்தது, வங்கியில் விழுந்ததை வருமானம் என்று எழுதி வந்தது. அதை மாற்றியே ஆக வேண்டும். வருமானம் என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. பிடித்த வரியும் உங்கள் அப்பாவுக்கு வந்த வருமானமாகவே கருதப்படும் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 198ஆம் பிரிவு சொல்கிறது. 2025-26இல் இந்தக் கம்பெனியிலிருந்து அப்பாவின் வருமானம் 5,400 கூட்டல் 7,200, ஆக 12,600. கட்டிய வரி 1,260. வங்கிக்கு வந்தது 5,400 கூட்டல் 5,940, ஆக 11,340. நீங்கள் 11,340ஐ வருமானம் என்று காட்டிவிட்டு 1,260 வரியையும் திரும்பக் கேட்டால், வரியைப் பிடித்த தொகையில் ஒரு பகுதியைக் காட்டாமலே வரியைக் கேட்கிறீர்கள் என்று ஆகிறது. துறையின் கையில் 12,600 என்ற எண் ஏற்கெனவே இருக்கும், கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இனி கணக்குத் தாள். ஒரு டிவிடெண்டுக்கு ஒரு வரிசை போதும். ஏ முதல் ஜே வரை கட்டங்களில் கம்பெனி, வங்கியில் வரவான தேதி, இடைக்காலமா இறுதியா, பங்கு எண்ணிக்கை, பங்குக்கு ரூபாய், மொத்தம், பிடித்த வரி, நிகரம், பாஸ்புக் தொகை, படத்தின் பெயர் என்று வையுங்கள். நிகரத்தைத் தாளில் உள்ளபடி கையால் எழுதுங்கள். அதையே ஃபார்முலாவால் வரவழைத்தால் சோதனை சோதனையாக இருக்காது, தன்னைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ளும். அடுத்த மூன்று கட்டங்களில் இவற்றைப் போடுங்கள்:

```
=ROUND(D2*E2-F2,2)
=ROUND(F2-G2-H2,2)
=ROUND(H2-I2,2)
```

மூன்றும் 0 காட்ட வேண்டும். சில பைசா மட்டும் மீந்தால் அது ரூபாய்க்கு முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம், விட்டுவிடலாம். உங்கள் 27,200ஐ இங்கே ஏற்றியிருந்தால் முதல் கட்டம் -20000 என்றும் மூன்றாவது கட்டம் 20000 என்றும் காட்டியிருக்கும், நடுக்கட்டம் மட்டும் ஒன்றும் அறியாததுபோல 0 காட்டியிருக்கும்.

படத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இன்னொரு தொல்லை வரும். ₹ குறியோ ஒரு வெற்றிடமோ கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால், தாள் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக வைத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எண்தான், ஆனால் SUM அதைச் சேர்க்காது, சேர்க்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. கண்டுபிடிப்பது எளிது: நீங்களாக எதையும் நகர்த்தாத கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்கும் தொகையைக் கண்டால் அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

தேதியிலும் இதே கதை. கூகுள் ஷீட்ஸில் உங்கள் தாளின் நாடு அமெரிக்கா என்று இருந்தால், 05/09/2025 என்று நீங்கள் அடிக்கும் செப்டம்பர் 5ஐ அது மே 9 என்று எடுத்துக்கொள்ளும். 18/02/2026 என்று அடித்தால் பதினெட்டாவது மாதம் இல்லாததால் எழுத்தாக இடப்பக்கம் நின்றுவிடும். ஒரு தேதி இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் நின்றால் வலப்பக்கம் நிற்பதும் தப்பாக இருக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள். File, Settings, Locale என்று போய் India வைத்துவிட்டு, ஏற்கெனவே அடித்த தேதிகளை ஒருமுறை மறுபடி பாருங்கள்.

தேதியை இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம், வருமான வரிப் படிவத்தில் டிவிடெண்டை ஐந்து காலமாகப் பிரித்துக் கேட்பார்கள்: ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, பிறகு மார்ச் 31 வரை. ஆண்டு முடிவதற்குள்ளேயே தவணையாகக் கட்டும் முன்வரியைக் காலத்தில் கட்டவில்லை என்று வட்டி போடும்போது, டிவிடெண்ட் வந்த காலத்தைப் பார்த்துச் சலுகை தருவதற்காக அந்தப் பிரிப்பு. 60 வயது தாண்டி, தொழில் வருமானம் இல்லாத உங்கள் அப்பாவுக்கு முன்வரி கிடையாது, ஆனாலும் படிவத்தின் கட்டங்களை நிரப்பத்தான் வேண்டும். செப்டம்பர் 5 இரண்டாவது கட்டத்தில் போக வேண்டியது, மே 9 ஆகிவிட்டால் முதல் கட்டத்துக்குப் போய்விடும்.

ஆண்டைப் பற்றியும் ஒன்று. செப்டம்பர் தாளில் "2024-25ஆம் ஆண்டுக்கான இறுதி டிவிடெண்ட்" என்று அச்சாகியிருக்கும். அது கம்பெனியின் லாபம் எந்த ஆண்டுக்குரியது என்பதைச் சொல்கிறது. பொதுக்குழு 2025 ஆகஸ்டில் கூடி அறிவித்திருந்தால் அப்பாவுக்கு அது 2025-26 வருமானம். இந்தத் தலைப்பைப் பார்த்து முந்தைய ஆண்டுத் தாளில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

படத்தைப் பற்றி அப்பாவிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். முதலாவது, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாகப் போனால் அளவைச் சுருக்கிவிடும், முதலில் காணாமல் போவது தசமப் புள்ளிதான். 5,940.00 என்பது 594000 ஆவது அப்படித்தான். இரண்டாவது, தாளைத் தட்டையாக வைப்பது. குன்னூர் மழைக்காலத்தில் எந்தக் காகிதமும் ஈரம் குடித்து நெளிந்துகொள்ளும். தபாலில் வந்த தாளில் மூன்று மடிப்பு வேறு இருக்கும், மடிப்பு எண்ணின் மேல் விழுந்தால் 3ஐயும் 8ஐயும் பிரித்தறிய முடியாது. இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் ஜன்னல் ஓரமாக மேசையில் விரித்து, ஓரங்களில் நாணயம் வைத்துப் படம் எடுத்தால் போதும். மேலே கண்ணாடி வைக்க வேண்டாம், அதில் ஜன்னலே தெரியும். விளக்கை அணைத்துவிடலாம். பனி மூட்டமான பகல் வெளிச்சம் நிழல் விழாமல் சீராக இருப்பதால் இந்த வேலைக்கு அதுவே நல்லது. அனுப்புவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, கமாவும் புள்ளியும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று அவரே ஒருமுறை பார்த்துவிட்டால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆண்டுக்கு நாலைந்து தாள்தான் என்றால் போனைப் படிக்கச் சொல்லவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு தாளில் ஐந்தே எண்கள், கண்ணால் பார்த்து அடித்தால் இரண்டு நிமிஷம். இருபது, முப்பது கம்பெனி ஒரே பட்டியலில் வரும் புரோக்கர் தாளுக்குத்தான் அது உதவும். அதிலும் கட்டங்கள் கலைந்து, எல்லாக் கம்பெனிப் பெயர்களும் முதலில், எல்லா எண்களும் பிறகு என்று வரிசை வரிசையாக வரலாம். படத்தை எக்செல் ஆக்கித் தருகிறோம் என்கிற முன்பின் தெரியாத இணையதளங்களில் மட்டும் ஏற்றாதீர்கள். அந்தத் தாளில் அப்பாவின் பெயர், முகவரி, ஃபோலியோ அல்லது டீமேட் எண், சில சமயம் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும்.

ஆண்டு முடிந்ததும் உங்கள் கூட்டுத்தொகையை வருமான வரி இணையதளத்தில் அப்பாவின் கணக்கில் உள்ள, அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், அவருடைய ஆண்டு வருமான விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் இரண்டோடும் ஒப்பிடுங்கள். அவசரப்பட்டு ஏப்ரலில் பார்த்தால் பிப்ரவரியில் பிடித்த வரி இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் கணக்கைக் கம்பெனி தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு, ஜூனில் பார்ப்பதே சரி. ஏஐஎஸ்ஸில் ஒரே டிவிடெண்ட் TDS-194 என்று ஓரிடத்திலும் SFT-015 என்று இன்னோரிடத்திலும் வரலாம். முதலாவது, வரி பிடித்ததற்கான கணக்கு, இரண்டாவது, டிவிடெண்ட் கொடுத்ததற்கான கணக்கு. கம்பெனி இரண்டையும் தாக்கல் செய்வதால் அப்படி. இரண்டையும் கூட்டி, "25,200 காட்டுகிறதே" என்று பதற வேண்டாம். உங்கள் தாளில் 12,600, 1,260 இருக்கிறது, அங்கேயும் ஒரு கம்பெனிக்கு அவ்வளவுதான் இருக்க வேண்டும். தாளில் வரி பிடித்ததாக இருந்து 26ஏஎஸ்ஸில் இல்லையென்றால், ரெஜிஸ்ட்ராருக்கு எழுத அந்தப் படம்தான் ஆதாரம். 2026-02-18 என்று தேதியை முன்னால் வைத்துப் படத்துக்குப் பெயர் கொடுத்து, அதே பெயரைக் கணக்கின் ஜே கட்டத்தில் எழுதி வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.

தாளில் முதல் பெயர் யாருடையது என்பதையும் பார்த்துவிடுங்கள். பங்கு அம்மாவும் அப்பாவுமாகக் கூட்டாக இருந்து முதல் பெயர் அம்மாவுடையது என்றால் வரி அம்மாவின் பான் எண்ணில்தான் போய்ச் சேரும், அப்பாவின் 26ஏஎஸ்ஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அப்பாவின் மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் 2025-26இல் 15எச் படிவத்தைக் கொடுத்து வரி பிடிப்பதையே தவிர்த்திருக்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு ஆண்டும், ரெஜிஸ்ட்ரார் சொல்லும் கடைசித் தேதிக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. 2025-26க்கு அந்தக் காலம் போய்விட்டது. பிடித்த 1,260ஐ வருமான வரி அறிக்கை தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

கடைசியாக அந்த 60 சதவீதம். மலையில் இது பரவலாகச் சொல்லப்படுவதுதான், பாதி உண்மையும்கூட. தேயிலையைப் பயிரிட்டுத் தானே தூளாக்கி விற்கும் கம்பெனியின் வருமானத்தில் 40 சதவீதத்தை மட்டுமே தொழில் வருமானமாக 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8ஆம் விதி எடுத்துக்கொண்டது, மீதி 60 விவசாய வருமானம். ஆனால் அந்தச் சலுகை கம்பெனியோடு நின்றுவிடுகிறது. தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த பச்சா குஸ்தார் என்ற பெண்மணி, தன் டிவிடெண்டிலும் 60 சதவீதம் விவசாய வருமானமே என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1954இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பங்குதாரருக்கு டிவிடெண்ட் வருவது கம்பெனியோடு அவருக்குள்ள உறவால், நிலத்திலிருந்து அது நேராக வருவதில்லை என்றது நீதிமன்றம். ஆகவே 12,600 முழுவதும் வருமானம்தான். அப்பாவுக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டமும் இருந்து, பச்சை இலையைத் தொழிற்சாலைக்குப் போடுகிறார் என்றால் அந்தப் பணம் வேறு, அது விவசாய வருமானம். அதை இந்தத் தாளில் கலக்காமல் தனியாக எழுதி வையுங்கள்.